பத்தொன்பதாம் இடம்

வாட்ச்மேன் முதல் அடியிலேயே விழுந்துவிட்டார். "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டு முடிப்பதற்குள் வீல் ஸ்பேனர் அவர் தோள்பட்டையில் இறங்கியது. கீழ்த்தளத்து டயர் கடைக்காரர்கள் கத்தியதற்கு, கூட வந்த இரண்டு தடியன்களில் ஒருவன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். கடை ஷட்டர் பாதிவரை இறங்கிவிட்டது.

மூன்றாவது மாடியில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. நான்காவது மாடி பல் ஆஸ்பத்திரி. அங்கே யாராவது அலறுவது தினமும் உள்ளதுதான், இந்தக் கட்டடத்தில் அலறலுக்கு யாரும் தலை தூக்குவதில்லை.

மூன்றாவது மாடியில்தான் நாட்டின் முதல் நூறு பாடல்கள் எவை என்று வாராவாரம் எண்ணிச் சொல்கிறார்கள். பெரிய அலுவலகம் என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரே அறை, ஏழெட்டு கணினிகள், ஓயாமல் சத்தம் போடும் ஒரு ஏசி. பொறுப்பில் இருந்தவளை எல்லாரும் கணக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அடுத்த நாற்காலியில் தடித்த கண்ணாடி போட்ட புரோகிராமர். அவனுக்குப் பெயரே கண்ணாடி என்று ஆகிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. வியாழன் இரவோடு வாரம் முடியும். ஆப்களும் கடைகளும் அனுப்பிய எண்ணிக்கைகளைச் சேர்த்துச் சரிபார்த்து மாலையில் அறிவிக்க வேண்டும். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இவர்கள் இருவர் மட்டும்.

கதவு காலால் உதைக்கப்பட்டுத் திறந்தது.

உள்ளே வந்தவனைக் கணக்கம்மாவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. பாடகியின் புருஷன். அவளுக்கு மேனேஜரும் அவன்தான். போன வாரம் பெரிய மைதானத்தில் மேடையேறி, "என் பொண்டாட்டி பாட்டு இந்த வெள்ளிக்கிழமை முதலிடத்துக்கு வரலைன்னா என் மீசையை எடுத்துடறேன்டா!" என்று மைக்கில் சபதம் போட்டவன். அந்த வீடியோவை நாடே பார்த்திருந்தது. எதிர்க்கோஷ்டி ரசிகர்கள் அவன் போனுக்கு ஓயாமல் சவரக்கத்திப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்குப் பின்னால் தடியன்கள். அவர்களுக்கும் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு, பாடகியின் தம்பி. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அக்கா பாட்டைக் கேட்கவைக்க ரசிகர்களைத் திரட்டும் வேலை அவனுடையது.

"எத்தனாவது இடம்?" என்றான் புருஷன்.

வாரத்தின் நடுவில் இசை நிறுவனங்களுக்கு ஒரு தற்காலிக நிலவரம் போகும். அதில் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"பத்தொன்பது."

"பக்கத்து நாட்டுல ஒண்ணு. காலையிலேயே அறிவிச்சுட்டான். அதே பாட்டு, அதே வாரம். இங்க மட்டும் எப்படி பத்தொன்பது ஆகும்? எவன்கிட்ட வாங்கித் தின்ன?"

கண்ணாடி எழுந்தான். பயத்தில் எழுந்தானா, தடுக்க எழுந்தானா, அவனுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. "சார், வெளிய போங்க, இங்க அனுமதி இல்லாம..." என்றதுதான் தெரியும். ஒரு தடியன் அவன் கையை இழுத்து மேசை டிராயருக்குள் வைத்தான். இன்னொருவன் டிராயரைக் காலால் உதைத்துச் சாத்தினான்.

மாடிப்படி அதிரும்படி ஒரு அலறல். மேலே பல் டாக்டரிடம் காத்திருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பயந்திருக்கலாம். யாரும் வரவில்லை.

"ஒண்ணுன்னு போடு," என்றான் புருஷன், ஸ்பேனரை அவள் கீபோர்டின் மேல் வைத்து.

கணக்கம்மா கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"போட்டுடலாம். சாயங்காலம் அறிவிப்பாங்க. ராத்திரிக்குள்ள எல்லாரும் சிரிப்பாங்க. எங்ககிட்ட வர்ற எண்ணிக்கை அந்தந்த ஆப்காரங்ககிட்டயும் இருக்கு. ஒவ்வொரு இசை நிறுவனத்துக்கும் தன் பாட்டோட கணக்கு தெரியும். இப்ப முதலிடத்துல இருக்குறவங்க சும்மா இருப்பாங்களா? நீங்க மிரட்டி வாங்கினதுன்னு வெளிய வரும். மீசையோட போகாது அப்ப."

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னோம் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்பேனர் அவள் திரையில் இறங்கியது. கண்ணாடிச் சில்லு கன்னத்தைக் கீறியது. ரத்தம் கழுத்துக்கு வருவதை உணர்ந்தாலும் துடைக்க அவள் கையை அசைக்கவில்லை.

"அப்ப அங்க எப்படி ஒண்ணு? அவன் மட்டும் என்ன கணக்கு படிச்சான், நீ படிக்காதது?"

"காட்டுறேன். அந்தப் பையனை விடுங்க. உக்காருங்க, காட்டுறேன்."

நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் உட்கார்ந்தான். அவனுக்கு உண்மையிலேயே தெரியவேண்டியிருந்தது. அதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே பிடி. கண்ணாடியின் கணினிக்கு மாறி உட்கார்ந்தாள். கண்ணாடி தரையில் சுருண்டு, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான்.

"இங்க நாங்க எண்ணுறது ரெண்டுதான். விக்கிறது, ஆப்ல கேக்குறது. சந்தா கட்டிக் கேக்குறவங்க நூறு தடவை கேட்டா ஒரு விற்பனைன்னு வெச்சுக்குவோம். விளம்பரத்தோட இலவசமா கேக்குறவங்கன்னா அறுநூறு தடவை கேட்டாதான் அதே ஒண்ணு. முப்பது வினாடி தாண்டினாதான் ஒரு தடவை. ஒரே ஆள் ஒரு நாளைக்கு பத்து தடவைக்கு மேல எத்தனை கேட்டாலும் சேராது."

"எவன்டா இந்த சட்டமெல்லாம் போட்டது?"

"இசை நிறுவனங்கள், கடைக்காரங்க, ஆப்காரங்க, நாங்க எல்லாரும் சேர்ந்து உக்காந்து போட்டது. ஒவ்வொரு நாட்டுலயும் அவங்கவங்க போட்டுக்கறதுதான். உலகத்துக்கெல்லாம் ஒரே சட்டம் கிடையாது. அங்க வானொலியில போடுறதையும் சேர்ப்பாங்க. எத்தனை பேர் அந்த நேரத்துல கேட்டாங்கன்னு பாத்து மதிப்பு போடுவாங்க. வீடியோ பாக்குறதையும் சேர்ப்பாங்க. உங்க பாட்டை அங்க வானொலிக்காரங்க காலையில இருந்து ராத்திரி வரைக்கும் போட்டுத் தள்ளுறாங்க. அதுக்கு மேல, அது சின்ன நாடு. இங்க பத்தொன்பதாவது இடத்துக்கு வேண்டிய எண்ணிக்கை அங்க முதலிடத்துக்கே போதும். இங்கேர்ந்து அங்க வேலைக்குப் போனவங்க கேக்குறதெல்லாம் அந்த நாட்டுக் கணக்குலதான் விழும், நமக்கு வராது."

"கதை விடாத."

"கதை இல்லை. வானொலிகள்ல எது போகுதுன்னு நாங்களும் தனியா பதிவு பண்றோம், பட்டியல்ல சேக்குறதில்லை, அவ்வளவுதான். இப்ப சேக்குறேன். அவங்க சட்டப்படி நம்ம எண்ணிக்கையைப் போட்டுப் பாப்போம்."

அவள் விரல்கள் வழுக்கின. எழுத்துகள் தப்பின. ஒரு தடியன் அவள் பின்கழுத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றான். திரையில் வரிசை புரண்டு நின்றது.

பாடகியின் பாட்டு இரண்டாவது இடத்தில் இருந்தது.

புருஷன் முன்னால் குனிந்தான். அவன் முகம் ஒரு கணம் குழந்தை முகம் மாதிரி விரிந்தது. "பாத்தியா! ரெண்டு! பத்தொன்பது எங்க, ரெண்டு எங்க!" என்று தொடையில் தட்டினான். பிறகு முகம் சுருங்கியது. "ஏன் ரெண்டு? எங்க ரசிகர் படை கேட்டதை எல்லாம் சேத்தியா? லட்சக்கணக்குல கேட்டிருக்கானுங்க. டேய் மச்சான், சொல்லுடா!"

தம்பி சுவரிலிருந்து நகரவில்லை. "விடுங்க மாமா, போலாம். இவங்க சட்டம் இப்படித்தான்னு தெரிஞ்சுபோச்சுல்ல. வாங்க, போலாம்."

"லட்சக்கணக்குல கேட்டது எங்கடா போச்சுன்னு கேக்குறேன்!"

ஸ்பேனர் திரும்பவும் உயர்ந்தது. இந்த முறை தரையில் கிடந்த கண்ணாடியின் முழங்காலுக்கு நேராக. கணக்கம்மா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டாள்.

"இருக்கு! வேண்டாம், இருக்கு! ஆப்காரங்க கழிச்சுட்டு அனுப்பினது தனியா இருக்கு, இதோ!"

கழிக்கப்பட்டவை திரைக்கு வந்தன. ஆயிரக்கணக்கான இலவசக் கணக்குகள். எல்லாம் ஒரே பேட்டையிலிருந்து. ஒவ்வொன்றும் இந்த ஒரு பாட்டைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. முப்பது வினாடி தாண்டியதும் நிறுத்தி, மறுபடி ஆரம்பம். தூக்கம் கிடையாது, சாப்பாடு கிடையாது, ஒரு நிமிஷ ஓய்வு கிடையாது.

"இது மனுஷங்க கேட்டதில்லை," என்றாள். "போன்களை வரிசையா அடுக்கி ஓடவிட்டது. ஆப்காரங்க இதைக் கண்டுபிடிச்சு மொத்தமா தூக்கிட்டாங்க. இதுல ஒண்ணுகூட எங்க கணக்குக்கு வராது. எந்த நாட்டு கணக்குக்கும் வராது."

புருஷன் மெதுவாகத் திரும்பினான். "எந்தப் பேட்டைன்னு சொன்ன?"

பேட்டையின் பெயர் திரையிலேயே இருந்தது. அந்தப் பேட்டையில் மச்சானுக்கு ஒரு கிடங்கு இருந்தது அவனுக்குத் தெரியும். சாவியைக் கேட்டபோதெல்லாம் ரசிகர்களுக்கான பனியன் அடுக்கிவைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான்.

"ரசிகர் படைன்ன," என்றான் புருஷன்.

"மாமா, ஆரம்பத்துல கொஞ்சம் பேர் இருந்தாங்க... அப்புறம் யாரும் வரலை. நீங்க தினமும் எண்ணிக்கை கேட்டீங்க. இல்லைன்னு சொன்னா அக்காவைத்தான் அடிப்பீங்க. நான் என்ன பண்ண?"

"அதை நம்பி மைக்குல சத்தியம் பண்ணேன்டா நான்!"

அப்புறம் நடந்ததைக் கணக்கம்மா கோர்ட்டில் சொல்லும்போதுகூட வரிசையாகச் சொல்ல முடியவில்லை. முதல் அடி தாடையில். அந்தச் சத்தம் மரக்கிளை முறிவது மாதிரி இருந்தது. தம்பி சரிந்ததும் இரண்டாவது அடி முகத்தின் இடப்பக்கம். மூன்றாவதுக்கு அவன் குரலே எழும்பவில்லை. தடியன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணே, இது உங்க குடும்ப விஷயம். நாங்க கிளம்புறோம்," என்றான் ஒருவன், கல்யாண வீட்டில் விடைபெறுகிற மரியாதையோடு. இருவரும் படியிறங்கி ஓடினார்கள்.

தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள்தான் அந்த மனிதன் மேல் இரும்பாக விழுந்துகொண்டிருக்கின்றன என்பது அவளுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. ஓடியிருக்கலாம். சுவரில் தொங்கிய தீயணைப்புச் சிலிண்டரைக் கழற்றினாள். வருஷம் ஒருமுறை பயிற்சி கொடுக்க வருபவர் சொன்ன ஊசியை இழு, குழாயைப் பிடி எல்லாம் மறந்துபோயிருந்தது. இரண்டு கையாலும் தூக்கி, வந்த வேகத்தில் அவன் பிடரியில் இறக்கினாள்.

அவன் திரும்பினான். விழவில்லை. அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரி ஒரு முகம். அவள் மறுபடி அடித்தாள். இந்தத் தடவை அவன் பின்னால் தள்ளாடி, கண்ணாடித் தடுப்பின் மேல் முழு உடம்போடு சாய்ந்தான். தடுப்பு உடைந்து அவனோடு சேர்ந்து விழுந்தது. டயர் கடைக்காரர்கள் ஜாக்கிக் கம்பிகளோடு மேலே வந்தபோது அவன் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் கிடந்தான். அவள் சிலிண்டரைக் கீழே வைக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தாள். விரல்கள் திறக்கவில்லை. கடைக்காரர் ஒருவர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

அன்றைய பட்டியல் தாமதமாக வந்தது. பத்தொன்பதாவது இடம் பத்தொன்பதாவது இடமாகவே இருந்தது.

தம்பி பிழைத்துக்கொண்டான். தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. வாட்ச்மேன் தோளில் கட்டோடு வீட்டுக்குப் போனார். கண்ணாடிக்கு மூன்று விரல் முறிவு. புருஷன் தலையில் தையலோடு ஜெயிலுக்குப் போனான்.

ஆனால் டயர் கடையில் எவனோ போனில் படமெடுத்திருந்தான். ஸ்ட்ரெச்சரில் இறங்கும் தம்பி, படியெல்லாம் ரத்தம், விலங்கோடு மீசையை முறுக்கும் புருஷன். அது நாடு முழுக்கப் பரவியது. ஒரு பாட்டுக்காக இத்தனை ரத்தமா, அப்படி என்னதான் பாட்டு அது என்று பார்த்தவனெல்லாம் ஒரு தடவை கேட்டான். கேட்டவன் பக்கத்தில் இருப்பவனுக்கு அனுப்பினான்.

அடுத்த வாரத்தின் நடுவில் ஒரு கையில் மாவுக்கட்டோடு வேலைக்கு வந்த கண்ணாடி, இன்னொரு கையால் திரையைத் திருப்பிக் காட்டினான். "அக்கா, இதைப் பாருங்க. நிஜமா இது?"

முதல் இடம். இரண்டாவது பாட்டு எங்கோ பின்னால் இருந்தது.

அவளும் நம்பவில்லை. ஒவ்வொரு ஆப்காரனையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். போன்களை அடுக்கி ஓட்டியதா என்று சல்லடை போட்டுச் சலித்தாள். ஒன்றும் சிக்கவில்லை. எல்லா ஊரிலிருந்தும், சந்தா கட்டியவர்கள், கட்டாதவர்கள், ஆளுக்கு ஒரு தடவை இரண்டு தடவை, முழுசாகக் கேட்டிருந்தார்கள். இதைவிடச் சுத்தமான எண்ணிக்கையை அவள் பார்த்ததில்லை.

பக்கத்து நாட்டில் இதே வேலை செய்பவர் அவளுக்கு நல்ல பழக்கம். போனில் சொன்னார்: "எங்க பட்டியல்ல பதினாலுக்கு விழுந்துடுச்சு அம்மா. செய்தி வந்த அன்னிக்கே வானொலிக்காரங்க எல்லாரும் பாட்டை எடுத்துட்டாங்க. ஆளை அடிச்சு முன்னுக்குக் கொண்டுவந்த பாட்டை நாங்க போடமாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஜனங்க இங்கயும் கேக்கத்தான் செய்யுறாங்க. ஆனா எங்களுக்கு வானொலிதானே பாதி."

வெள்ளிக்கிழமை பாடகி வந்தாள்.

முன்கூட்டிச் சொல்லவில்லை. துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசனையோடு வந்து நின்றாள். மேடையில் பார்த்த உயரம் இல்லை. கழுத்தோரம் பழைய காயம் ஒன்று மஞ்சளாகியிருந்தது. அது இந்த வாரத்துக் காயம் இல்லை.

"முதலிடம்னு சொல்றாங்க. உண்மையா?"

"உண்மைதான்மா."

"எடுத்துடுங்க."

கணக்கம்மா நாற்காலியைக் காட்டினாள். அவள் உட்காரவில்லை.

"அந்தாளு ஜெயில்ல ரேடியோ வெச்சுக் காத்துக்கிட்டிருக்கான். வக்கீல் சொன்னாரு. முதலிடம்னு அறிவிச்சா, நான் சொன்னேன்ல, நான் அடிச்சதாலதான் வந்துதுன்னு சிரிப்பான். ஆயுசுக்கும் சிரிப்பான். என் தம்பி ஒரு கண்ணால அதைப் பாக்கணும். எடுத்துடுங்கக்கா. ரெண்டுன்னு போடுங்க. நூறுன்னு போடுங்க."

"உங்க இசை நிறுவனம் நினைச்சா ஆப்லேர்ந்து பாட்டை எடுக்கலாம்."

"கேட்டேன். இந்த நேரத்துலயா எடுப்பாங்கன்னு சிரிக்கிறாங்க."

"எடுத்தாலும், இந்த வாரம் கேட்டவங்க கேட்டவங்கதான். அதை நான் இல்லைன்னு சொல்ல முடியாது."

பாடகி அவளை உற்றுப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அவன் இரும்பைத் தூக்கிக் கேட்டான், முடியாதுன்னீங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன். எனக்கும் அதே பதில்தானா?"

கணக்கம்மாவுக்குக் கன்னத்துத் தையல் எரிந்தது. ஜனங்கள் எதற்காகக் கேட்டார்கள் என்பதற்குத் தன்னிடம் ஒரு கட்டமும் கிடையாது, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்கு மட்டும்தான் உண்டு என்று சொல்ல நினைத்தாள்.

"அதே பதில்தான்மா."

அறை பளாரென்று விழுந்தது. தையல் பிரிந்தது. கண்ணாடி பாய்ந்து எழுந்தான். கணக்கம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். பாடகி மேசையில் இருந்த புதுக் கீபோர்டை எடுத்துத் தரையில் அடித்தாள். சுவரில் அடித்தாள். எழுத்துக் கட்டைகள் தெறித்து உருண்டன. கையில் மிச்சம் எதுவும் இல்லாமல் போனதும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கணக்கம்மா கைக்குட்டையைத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாலை அறிவிப்பில் முதலிடக்காரரிடம் வானொலி நிகழ்ச்சிக்காரர் நேரடியாகப் பேசுவது வழக்கம். பாடகியின் போன் அடித்தது. அவள் எடுப்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"வாழ்த்துகள்! எப்படி இருக்கு?" என்றது உற்சாகமான குரல்.

"இந்தப் பாட்டைப் பதிவு பண்ண அன்னிக்கு எனக்கு ரெண்டு விலா எலும்பு உடைஞ்சிருந்துது," என்றாள். "அவர்தான் உடைச்சாரு. ரெண்டாவது சரணத்துல நான் மூச்சு இழுக்குற இடம் ரொம்ப உருக்கமா இருக்குன்னு எல்லாரும் சொல்றீங்க. உருக்கம் இல்லை அது. வலி. எந்த டாக்டர் கட்டுப்போட்டாரு, எந்தப் பாட்டுக்கூடத்துல நின்னேன், எல்லாம் சொல்றேன். பதிவாகுதுல்ல?"

எதிர்முனையில் இணைப்பை அறுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள். டாக்டர் பெயரைச் சொன்னாள், பார்த்தவர்கள் பெயரைச் சொன்னாள். அவன் எந்தக் கையால் அடிப்பான் என்பதைக்கூடச் சொன்னாள். ஜெயிலில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். புருஷனும்தான். முதலிடம் என்றதும் அவன் எழுந்து நின்று கைதட்டினான் என்றும், அவள் பேசி முடித்தபோது பக்கத்தில் இருந்த இரண்டு கைதிகள் அவனைச் சுவரோடு சேர்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள் என்றும் பிறகு வக்கீல் சொன்னார். அதைக் கேட்டுப் பாடகி சந்தோஷப்படவில்லை. "அங்கயும் அடிதானா," என்றாள்.

ஆனால் அந்தப் பேச்சு வழக்கில் சேர்ந்தது. டாக்டர் சாட்சி சொன்னார், பாட்டுக்கூடத்து ஒலிப்பதிவாளர் சொன்னார், கணக்கம்மாவும் கூண்டில் ஏறினாள். போன்களை ஓட்டியதைச் சொன்னது நீதானே என்று புருஷனின் வக்கீல் கேட்டபோது, "ஆமா. அதைச் சொன்னதாலதான் அந்தத் தம்பிக்குக் கண்ணு போச்சு. அடிச்சது உங்க கட்சிக்காரரு," என்றாள். தம்பி ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான். தலையை மட்டும் ஆட்டினான். புருஷனுக்குப் பல வருஷம் கிடைத்தது.

பாட்டு இன்னும் சில வாரம் மேலே நின்றுவிட்டு, மற்றப் பாட்டுகள் மாதிரியே இறங்கிக் காணாமல் போனது.

வெகுகாலம் கழித்துப் பாடகி வேறொரு பாட்டு வெளியிட்டாள். மேடை முழக்கம் இல்லை, ரசிகர் படை இல்லை. அந்த வெள்ளிக்கிழமை அறிவிப்புக்குப் பிறகு அவளே போன் செய்தாள்.

"எத்தனை?"

"நாப்பத்தி மூணு," என்றாள் கணக்கம்மா. "பக்கத்து நாட்டுல பட்டியல்லயே இல்லை. வானொலிக்காரங்க இன்னும் போட ஆரம்பிக்கலை."

"நாப்பத்தி மூணுன்னா... எல்லாம் தானா கேட்டவங்களா?"

"நல்லாச் சலிச்சுப் பாத்துட்டேன். தானா கேட்டவங்கதான்."

"சரிக்கா. தம்பிக்குக் கண்ணு மருந்து போடுற நேரம். அவன்கிட்ட சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.